அனுப்புமிடம் மாறும்போது வாடிக்கையாளருக்கு எந்தத் தேதியைச் சொல்வது?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து தேன், நேந்திரங்காய் சிப்ஸ், மிளகு, கிராம்பு ஆகியவற்றை ஆன்லைனில் விற்கிறோம். அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் ஆரல்வாய்மொழியில் எடுத்திருக்கும் புதிய குடோனிலிருந்துதான் பார்சல் போகும். வாடிக்கையாளர்களுக்கு இதை எப்படித் தெரிவிக்க வேண்டும்? டெலிவரிக்கு நாள் கூடுமா, குறையுமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதில்:

நாகர்கோவிலில் சிறு நிறுவனங்களின் அனுப்புதல் வேலையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், அறிவிப்பின் வாசகத்தை எழுத உட்காரும் முன் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். குடோன் எங்கே இருக்கிறது என்பது வாடிக்கையாளருக்கு ஒரு பொருட்டே அல்ல. தன் வீட்டுக்குப் பொருள் எந்தத் தேதியில் வரும் என்பது மட்டுமே அவருக்குத் தேவை. அந்தத் தேதி எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறாது. திருவனந்தபுரத்துக்காரருக்கு ஒரு நாள் கூடலாம், சென்னைக்காரருக்கு எதுவும் மாறாமல் இருக்கலாம், குழித்துறையில் இருப்பவருக்கு அன்றே கிடைத்தது மறுநாளுக்குப் போகலாம். ஆகவே அனைவருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பி, ‘டெலிவரியில் சிறு தாமதம் ஏற்படலாம்’ என்று முடிப்பது யாருக்கும் பயன்படாது. தாமதமே இல்லாதவரும் கவலைப்படுவார், உண்மையில் தாமதமாகப் போகிறவருக்கும் எத்தனை நாள் என்பது தெரியாது.

முதலில், கடந்த மூன்று மாத ஆர்டர்களை எடுத்து, பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்களை வைத்துப் பிரியுங்கள். 629 என்றால் நம் மாவட்டம், 627 திருநெல்வேலிப் பக்கம், 695 திருவனந்தபுரம், 600 சென்னை. ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு இடைவெளிகளைக் குறியுங்கள். ஆர்டர் வந்ததிலிருந்து கூரியர்காரர் பார்சலை எடுத்து ஸ்கேன் செய்தது வரை ஒன்று. அந்த ஸ்கேனிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போனது வரை மற்றொன்று. முதலாவது உங்கள் கையில் இருப்பது, இரண்டாவது கூரியரின் கையில் இருப்பது. இடம் மாறும்போது இரண்டும் வெவ்வேறு காரணங்களால் மாறும் என்பதால் சேர்த்துப் பார்த்தால் எதுவும் விளங்காது.

கூரியரின் கையில் இருக்கும் பகுதியில்தான் பெரும்பாலானோர் ஏமாந்துபோகிறார்கள். ஆரல்வாய்மொழி தேசிய நெடுஞ்சாலை 44-இல், திருநெல்வேலி செல்லும் வழியில் இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து பார்த்தால் சாலை வழியே சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்திருக்கிறீர்கள். சென்னைக்கு அவ்வளவு தூரம் நெருங்கிவிட்டோம், ஆகவே சென்னைப் பார்சல் சீக்கிரம் போகும் என்று தோன்றும். பார்சல் வரைபடத்தில் உள்ள தூரத்தைப் பார்த்துப் போவதில்லை. கூரியரின் பிரிப்பு மையத்தைப் பார்த்துத்தான் போகிறது. உங்கள் பகுதியின் மையம் நாகர்கோவிலில் இருந்தால், ஆரல்வாய்மொழியில் எடுத்த சென்னைப் பார்சல் முதலில் பதினைந்து கிலோமீட்டர் பின்னோக்கி நாகர்கோவிலுக்குச் சென்று, அங்கே இரவு பிரிக்கப்பட்டு, லாரியில் ஏறி, மீண்டும் உங்கள் குடோன் வாசலைக் கடந்துதான் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும். அன்றிரவு லாரியைப் பிடித்துவிட்டால் மார்த்தாண்டத்திலிருந்து போன அதே நாளில்தான் போய்ச் சேரும்; ஒரு மணி நேரம்கூட மிச்சமாகாது. எனவே ‘இனி விரைவான டெலிவரி’ என்று அறிவிப்பில் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கேரளப் பக்கத்தின் கதை வேறு. மார்த்தாண்டத்திலிருந்து கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை மிக அருகில். சில கூரியர் நிறுவனங்கள் மார்த்தாண்டம் கிளையில் எடுக்கும் கேரளப் பார்சல்களை நேரடியாகத் திருவனந்தபுரத்துக்கு ஏற்றிவிடும். அதே நிறுவனம் ஆரல்வாய்மொழியில் எடுத்ததை நாகர்கோவிலுக்கும், சில வேளைகளில் அங்கிருந்து இன்னும் வடக்கே உள்ள ஒரு பெரிய மையத்துக்கும் கொண்டுபோய், பிறகு தெற்கே திருப்பி அனுப்பும். உங்கள் நிறுவனம் எந்த வழியில் அனுப்புகிறது என்று அலுவலகத்தில் கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. டிராக்கிங் பக்கத்தின் வரிகளே அதைச் சொல்லிவிடும். குடோன் மாறுவதற்கு இரண்டு வாரம் முன்பே, புதிய முகவரியைப் பிக்கப் இடமாகப் பதிந்து, தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு திசையிலும் ஐந்தாறு பார்சல்களை வெவ்வேறு கிழமைகளில் அனுப்பிப் பாருங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். எந்த ஊர் மையத்தில் ஸ்கேன் ஆனது, எங்கே ஒரு இரவு தங்கியது என்பதைக் குறித்துக்கொண்டால் புதிய நாள் கணக்கு கையில் இருக்கும்.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன். பழைய பதிவில் 695 என்று தொடங்கும் பார்சல்கள் நாற்பது இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூரியர் எடுத்த நாளிலிருந்து 22 பார்சல்கள் இரண்டு நாளிலும், 12 பார்சல்கள் மூன்று நாளிலும், 4 பார்சல்கள் நான்கு நாளிலும், 2 பார்சல்கள் ஆறு நாளிலும் சேர்ந்திருக்கின்றன. சராசரி 2.7 நாள். பலரும் இதைப் பார்த்து ‘மூன்று நாள்’ என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் நாற்பது பேரில் ஆறு பேர் நான்காம் நாள் காலையில் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்கள். ‘2 முதல் 4 நாள்’ என்று எழுதினால் அழைப்பவர்கள் இருவர் மட்டுமே. அவர்களுடைய பார்சல்கள் உண்மையிலேயே எங்கோ சிக்கியவை, விசாரிக்க வேண்டியவை. ஆகவே சராசரியைச் சொல்லாமல், பத்தில் ஒன்பது பார்சல்கள் எந்த நாளுக்குள் சேர்ந்தனவோ அந்த நாளையே கடைசி எல்லையாகச் சொல்லுங்கள். சோதனைப் பார்சல்கள் கூடுதலாக ஒரு இரவு எங்கேயோ தங்குவதைக் காட்டினால், இந்த வரம்பு ‘3 முதல் 5 நாள்’ ஆகிறது. 695 வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

தேன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. திரவப் பொருளைப் பல கூரியர் நிறுவனங்கள் விமானத்தில் ஏற்றுவதில்லை. தரை வழியில் மட்டுமே அனுப்புகின்றன. அதனால் ஒரே டெல்லி முகவரிக்குப் போகும் மிளகும் தேனும் வெவ்வேறு நாளில் சேரும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் மிளகும் தேனோடு சேர்ந்து தரை வழியில்தான் போகும். நீண்ட தூரப் பின்கோடுகளுக்குத் தேனின் நாள் கணக்கைத் தனியாக எடுத்து, அந்தப் பொருளின் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இனி உங்கள் கையில் இருக்கும் பகுதியைப் பார்ப்போம். மார்த்தாண்டத்தில் மாலை 4 மணிக்கு வந்த கூரியர் வண்டி, ஆரல்வாய்மொழியில் மதியம் 1.30-க்கே வந்து போகும் என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங்குக்கு ஒன்றரை மணி நேரம் வைத்தால், அன்றே அனுப்புவதற்கான கடைசி நேரம் பிற்பகல் 2.30-இலிருந்து நண்பகல் 12-க்கு வந்துவிடுகிறது. இதைக் கேட்டவுடன் எல்லா ஆர்டர்களும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று பயப்பட வேண்டாம். காலையில் வந்த ஆர்டர் முன்பும் அன்றே போனது, இப்போதும் அன்றே போகும். இரவு எட்டு மணிக்கு வந்த ஆர்டர் முன்பும் மறுநாள்தான் போனது. 12-க்கும் 2.30-க்கும் இடையே வந்தவை மட்டுமே ஒரு நாளை இழக்கின்றன. உங்கள் பதிவில் நூற்றில் எத்தனை ஆர்டர்கள் அந்த இரண்டரை மணி நேரத்தில் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்து வாங்குவோர் பெரும்பாலும் இரவில்தான் ஆர்டர் செய்கிறார்கள் என்றால் அந்த எண் சிறியதாகவே இருக்கும். ஆனால் சனிக்கிழமையைத் தனியாகக் கவனியுங்கள். சனிக்கிழமை பிற்பகல் 1 மணிக்கு வரும் ஆர்டர் இனி திங்கட்கிழமைதான் குடோனை விட்டுக் கிளம்பும். அவருக்கு இழப்பு இரண்டு நாள். ஆகவே ‘நண்பகல் 12 மணிக்குள் வரும் ஆர்டர்கள் அன்றே அனுப்பப்படும், சனிக்கிழமை 12 மணிக்குப் பின் வருபவை திங்கட்கிழமை அனுப்பப்படும்’ என்ற வரி, பணம் செலுத்தும் பக்கத்தில் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கு முடிந்த பிறகே வாசகத்துக்கு வர வேண்டும். அறிவிப்பைப் பெறுகிறவர்கள் மூன்று வகையினர், மூவருக்கும் ஒரே செய்தி பொருந்தாது.

மிக அவசரமானவர்கள், ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு, பார்சல் இன்னும் கிளம்பாமல் இருப்பவர்கள். சாமான்களை ஏற்றி இறக்கும் மூன்று நாளில் எதுவும் போகாது என்றால், பாதிப்பு முழுவதும் இவர்களுக்குத்தான். இவர்களுக்குப் பொது அறிவிப்பு அனுப்பாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய பொருள், அவருடைய தேதி ஆகியவற்றோடு தனிச் செய்தி போக வேண்டும். நெய்யாற்றின்கரையில் இருப்பவர் 27-ஆம் தேதி மாலை ஆர்டர் செய்திருந்தால் நான் இப்படி எழுதுவேன்:

> வணக்கம். நீங்கள் 27-ஆம் தேதி ஆர்டர் செய்த தேன் (500 கிராம், 2 பாட்டில்) எங்களிடம் தயாராக உள்ளது. எங்கள் குடோன் 28 முதல் 30 வரை மார்த்தாண்டத்திலிருந்து ஆரல்வாய்மொழிக்கு மாறுவதால், உங்கள் பார்சல் 1-ஆம் தேதி கூரியரிடம் ஒப்படைக்கப்படும். 4-ஆம் தேதிக்கும் 6-ஆம் தேதிக்கும் இடையே உங்களுக்குக் கிடைக்கும். அதுவரை காத்திருக்க இயலாது என்றால் இந்த எண்ணுக்கே பதில் அனுப்புங்கள். முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம்.

இதில் ‘மூன்று வேலை நாட்கள்’ என்ற சொற்றொடர் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஞாயிறு சேருமா, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற குழப்பம் அந்தச் சொற்றொடரோடு கூடவே வரும். தேதியை எழுதினால் வராது. ஆர்டரை ரத்து செய்யும் வழியையும் அதே செய்தியில் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்ததும் எல்லோரும் ரத்து செய்துவிடுவார்களோ என்று உரிமையாளர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில், தேதி தெரிந்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார். தேதி தெரியாதவர்தான் ரத்து செய்கிறார்.

இரண்டாவது வகையினர், மாற்றம் நடக்கும் நாட்களில் புதிதாக ஆர்டர் செய்ய வருபவர்கள். இவர்களுக்குப் பணம் கட்டிய பிறகு மின்னஞ்சல் அனுப்புவது நியாயம் ஆகாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளும், வாங்குபவர் தெரிந்து முடிவெடுக்கும் வகையில் டெலிவரி பற்றிய தகவலை முன்னதாகவே காட்ட வேண்டும் என்ற அடிப்படையில்தான் அமைந்திருக்கின்றன. பொருளின் பக்கத்திலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் ‘இன்று ஆர்டர் செய்தால் 1-ஆம் தேதி அனுப்பப்படும்’ என்ற ஒற்றை வரி போதும்.

மூன்றாவது வகையினர், முன்பு வாங்கியவர்கள், இனியும் வாங்கப் போகிறவர்கள். இவர்களுக்கு ஒருமுறை, சுருக்கமாக, அவர்களுடைய பின்கோட்டுக்கு உரிய மாற்றத்தை மட்டும் சொல்லுங்கள். மாற்றமே இல்லாத சென்னை, கோவை வாடிக்கையாளருக்குச் செய்தியே அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. அவர் அடுத்த முறை ஆர்டர் செய்யும்போது பக்கத்தில் உள்ள வரியைப் பார்த்துக்கொள்வார். 695 வாடிக்கையாளருக்குச் செய்தியை மலையாளத்திலும் அனுப்புங்கள். எல்லையில் தொழில் செய்யும் நமக்கு அது இயல்பாக வரும், அவர்களுக்கும் சந்தேகம் வராது.

எஸ்எம்எஸ் வழியாக அனுப்புவதென்றால் இரண்டு தடைகளை நினைவில் வையுங்கள். வணிகச் செய்தியின் வாசக மாதிரியை, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதற்காக நடத்தும் டிஎல்டி தளத்தில் பதிந்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். 30-ஆம் தேதி இரவு எழுதி 1-ஆம் தேதி அனுப்ப முடியாது. தமிழ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு எழுபது குறிகள்தான் இடம். மெய்ப்புள்ளி, கொம்பு, துணைக்கால் ஆகியவையும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும் என்பதால் மேலே எழுதிய செய்தி பல எஸ்எம்எஸ்ஸாகப் பிரிந்து கட்டணம் ஏறும். ஆகவே எஸ்எம்எஸ்ஸில் தேதியை மட்டும் சொல்லி, விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது எளிது. அந்த வாட்ஸ்அப் செய்தியோடு ‘புதிய குடோன் திறப்புச் சலுகை 10 சதவீதம்’ என்று ஒட்டாதீர்கள். சலுகை சேர்ந்தால் அது விளம்பரச் செய்தி வகைக்குப் போய்விடும். தன் பார்சல் எங்கே என்று தேடுகிறவருக்கு எரிச்சலும் வரும்.

நம் மாவட்டத்து வாடிக்கையாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம் தாலுகாக்களில் இருப்பவர்கள் இதுவரை மார்த்தாண்டத்தில் நேரில் வந்து எடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் பையன் பைக்கில் அன்றே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். குடோன் தோவாளை தாலுகாவுக்குப் போனபின், கருங்கலுக்கு ஒரு தேன் பாட்டில் கொடுக்க அவர் நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் ஓட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் பழைய வாசலுக்கே வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புவார்கள். மார்த்தாண்டத்தில் தெரிந்த ஒரு கடையில் வாரம் இரண்டு நாள் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியுமானால் செய்து, கிழமையையும் நேரத்தையும் பழைய குடோன் ஷட்டரிலேயே எழுதி ஒட்டுங்கள். உள்ளூர் ஆட்கள் வாட்ஸ்அப்பைவிட அதைத்தான் படிப்பார்கள்.

மாற்றும் காலத்தைத் தள்ளிப்போட இன்னும் வாய்ப்பு இருந்தால் ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரங்களைத் தவிருங்கள். நேந்திரங்காய் சிப்ஸுக்குக் கேரளத்திலிருந்து ஆர்டர் குவியும் காலம் அது; ஒரு நாள் கூடப்போவதும் 695 பின்கோட்டுக்குத்தான். திருவோணத்துக்கு மறுநாள் போய்ச் சேரும் சிப்ஸ் தாமதமாக வந்த பொருள் அல்ல, வாங்கியவருக்கு வேண்டாத பொருள். அக்டோபர், நவம்பர் மாதங்களும் சிக்கலானவை. வடகிழக்குப் பருவமழையில் தெற்கே பல இடங்களில் சாலைப் போக்குவரத்து தடைபடும்போது, பார்சல் தாமதமானது குடோன் மாறியதாலா மழையாலா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. புதிய நாள் கணக்கும் தவறாகப் பதிவாகும்.

நான் பார்த்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனம் இதேபோல் இடம் மாறியது. அறிவிப்பு ஒழுங்காகப் போனது, பிக்கப் முகவரியும் மாற்றப்பட்டது. ஆனால் கூரியரின் இணையப் பலகையில் திரும்பி வரும் பார்சல்களுக்கான முகவரி தனியாக ஓரிடத்தில் இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை. லேபிளில் பழைய முகவரியே அச்சாகிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பொருட்கள் பூட்டிக் கிடந்த பழைய குடோனுக்குப் போய், ‘பெறுநர் இல்லை’ என்ற குறிப்போடு மையத்திலேயே தங்கின. பொருள் கைக்கு வராததால் பணத்தைத் திருப்பித் தருவது இரண்டு வாரம் தள்ளிப்போனது. டெலிவரி தாமதத்தைப் பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர்கள் அதைப் பொறுக்கவில்லை. முதல் நாள் அச்சாகும் முதல் லேபிளைக் கையில் எடுத்து, அனுப்புநர் முகவரியையும் திரும்பும் முகவரியையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். அங்கே 629165 என்ற மார்த்தாண்டம் பின்கோடு எங்கும் இருக்கக் கூடாது. 629301 இருக்க வேண்டும்.

உணவுப் பொருள் என்பதால், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் அந்தந்த இடத்துக்கு உரியது என்பதையும் மறக்க வேண்டாம். புதிய கிடங்குக்கு அது கையில் வந்த பிறகே 1-ஆம் தேதி என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவிலும் கூடுதல் தொழிலிடமாக ஆரல்வாய்மொழியைச் சேர்க்க வேண்டும். உரிமம் தாமதமாகி அறிவித்த தேதி தவறினால் எல்லாச் செய்திகளையும் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும், இரண்டாவது செய்தியை யாரும் நம்ப மாட்டார்கள்.

புதிய இடத்திலிருந்து மூன்று வாரம் அனுப்பிய பிறகு, 695-க்கான நாட்களை மேலே சொன்ன முறையில் மீண்டும் எண்ணுங்கள். 3 முதல் 5 என்று சொன்னது உண்மையில் 2 முதல் 4 ஆகவே இருந்தால் பக்கத்தில் உள்ள வரியை மாற்றிவிடுங்கள். தனியாக அறிவிக்கத் தேவையில்லை. 3 முதல் 6 ஆகிவிட்டதென்றால் அன்றே மாற்றி, அந்த நேரத்தில் வழியில் இருக்கும் பார்சல்களுக்கு உரியவர்களுக்கு மட்டும் புதிய தேதியைச் சொல்லுங்கள். அதோடு கூரியரின் மார்த்தாண்டம் கிளையில் எடுக்கும் பார்சல் நேரடியாகத் திருவனந்தபுரத்துக்குப் போகிறது என்பது உங்கள் டிராக்கிங்கில் உறுதியானால், கேரள ஆர்டர்களை மட்டும் மாலையில் மொத்தமாக ஒரு வண்டியில் கொண்டுபோய் அங்கே ஒப்படைக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பாருங்கள். நாளொன்றுக்கு முப்பது நாற்பது பார்சல் இருந்தால் வண்டிச் செலவு ஒரு பார்சலுக்குச் சில ரூபாய்களில் அடங்கிவிடக்கூடும்.